நூற்றெட்டுக்கு இரண்டு சொந்தக்காரர்கள்

கணினித் திரையின் மூலையில் ஒரு சிறு பெட்டி எழும்:

```
Windows has detected an IP address conflict
Another computer on this network has the same IP address as this computer.
```

உங்கள் கணினி வைத்திருக்கும் அதே முகவரியை இந்த நெட்வொர்க்கில் வேறொன்றும் வைத்திருக்கிறது என்கிறது அது. ஆப்பிள் கணினிகளும் ஏறக்குறைய இதையே வேறு சொற்களில் சொல்லும். கீழே, உங்கள் நெட்வொர்க் நிர்வாகியைத் தொடர்புகொள்ளவும் என்று ஓர் அறிவுரையும் இருக்கும். சிறிய அலுவலகங்களில் அப்படி ஒருவர் கிடையாது. இணைய இணைப்பு கொடுத்தவருக்குப் போன் போட்டால், "ரவுட்டரை ஒருதடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க சார்" என்பார். செய்தால் சரியாகிவிடும். இரண்டு வாரம் கழித்து மறுபடியும் வரும்.

பெட்டியைப் பார்த்ததும் பலருக்கும் எழும் முதல் பயம், யாரோ நம் முகவரியைத் திருடிவிட்டார்கள் என்பது. அடுத்தது, நம் கணினியில்தான் ஏதோ கோளாறு என்பது. பெரும்பாலும் இரண்டுமே இல்லை. எச்சரிக்கை காட்டும் கணினி, விதிப்படி நடந்துகொண்ட கணினி. வம்பை இழுத்த கருவி வேறெங்கோ அலமாரிக்கு மேலே சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும்.

ஓர் ஆடிட்டர் அலுவலகத்தைக் கற்பனை செய்துகொள்வோம். ஐந்து கணினிகள், ஒரு பிரிண்டர், இரண்டு பேரின் போன்கள். எல்லாம் ஒரே ரவுட்டரில். ரவுட்டர்தான் இவர்களுக்கு ஐ.பி. முகவரி வழங்குகிறது. இதற்கு டி.எச்.சி.பி. என்று பெயர், 1997-இல் வெளியான விதிமுறையே இன்றும் பெரும்பாலான ரவுட்டர்களில் ஓடுகிறது. கருவி ஒன்று நெட்வொர்க்கில் சேரும்போது முகவரி கேட்கும். ரவுட்டர் தன் கையிருப்பிலிருந்து ஓர் எண்ணை எடுத்து, இவ்வளவு நேரத்துக்கு என்று வாடகைக்குக் கொடுக்கும். நேரம் முடியுமுன் கருவி புதுப்பித்துக்கொள்ள வேண்டும். இந்த அலுவலகத்து ரவுட்டரின் கையிருப்பு 192.168.1.100 முதல் 192.168.1.199 வரை. கடைகளில் பரவலாக விற்கும் சில ரவுட்டர்கள் இதே வரம்போடுதான் பெட்டியிலிருந்து வெளியே வருகின்றன.

192.168 என்று தொடங்கும் எண்கள் உள்வீட்டுப் பயன்பாட்டுக்கென 1996-இல் ஒதுக்கப்பட்டவை. உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான வீடுகளில் இதே எண்கள் இருக்கின்றன. பக்கத்துக் கடையிலும் ஒரு 192.168.1.108 இருக்கலாம், அதனால் நமக்கு ஒன்றும் ஆகாது. இந்த எண்கள் ரவுட்டரைத் தாண்டி வெளியே போவதில்லை. ஆகவே மோதல் என்றால் அது நம் சுவர்களுக்குள் இருக்கும் இரண்டு கருவிகளுக்கு இடையில்தான்.

இந்த அலுவலகத்துக்கு கேமரா மாட்ட ஒருவர் வருகிறார். நான்கு கேமராக்கள், ஒரு டி.வி.ஆர். பெட்டி. கேமராக் காட்சியை உரிமையாளர் தன் போனில் பார்க்க வேண்டுமென்றால் டி.வி.ஆரின் முகவரி அடிக்கடி மாறக் கூடாது. அதனால் கேமராக்காரர்கள் அதை ரவுட்டரிடம் கேட்க விடுவதில்லை. எண்ணைக் கையால் எழுதி நிலையாக வைத்துவிடுவார்கள். இன்னும் எளிது, தொழிற்சாலையிலிருந்து வந்த எண்ணை அப்படியே விட்டுவிடுவது. பெயர்பெற்ற ஒரு நிறுவனத்தின் டி.வி.ஆர்.கள் 192.168.1.108 என்ற எண்ணோடு வருகின்றன. போனில் படம் வந்ததும் கேமராக்காரர் பணத்தை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்.

108 என்பது ரவுட்டரின் கையிருப்புக்கு உள்ளேயே இருக்கிறது. அந்த எண்ணை இன்னொருவர் எடுத்துக்கொண்ட விஷயம் ரவுட்டருக்குத் தெரியாது. யாரும் அதனிடம் சொல்லவில்லை. ஆனாலும் மாதக்கணக்கில் எதுவும் நடப்பதில்லை. காரணம் எளிய கணக்கு. எண்களை வரிசையாகக் கொடுக்கும் ரவுட்டர், எட்டுக் கருவிகளுக்கு 100 முதல் 107 வரை கொடுத்திருக்கிறது. ஒன்பதாவது கருவி வரும்வரை 108-க்கு வேலையே இல்லை. கேமரா மாட்டி ஆறு மாதம் கழித்துச் சிக்கல் தலைகாட்டும்போது கேமராவை யாரும் சந்தேகிக்காததற்கு இதுதான் காரணம். அன்றைக்குப் புதிதாக வந்த ஆளின் லேப்டாப்பின் மேல்தான் பழி விழும்.

அந்த ஒன்பதாவது, பயிற்சிக்கு வந்த மாணவரின் லேப்டாப் என்று வைத்துக்கொள்வோம். அது வந்தவுடனும் மோதல் வந்துவிடாது. ரவுட்டர் 108-ஐ நீட்டும்போது, நவீன விண்டோஸ் அதைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்காது. வாங்குமுன் நெட்வொர்க் முழுவதற்கும் கேட்கும்படி ஒரு கேள்வி விடும். அந்தப் பேச்சை அப்படியே பிடித்துக் காட்டும் வயர்ஷார்க் என்ற மென்பொருளில் அது இப்படித் தெரியும்:

```
Who has 192.168.1.108? Tell 0.0.0.0
```

192.168.1.108 யாரிடம் இருக்கிறது? கேட்பவருக்கு இன்னும் முகவரி இல்லாததால், தன் முகவரி இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பூஜ்யங்கள். 2008-இல் ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டூவர்ட் செஷயர் எழுதிய விதிமுறைப்படி இப்படி மூன்று முறை, ஒன்றிரண்டு நொடி இடைவெளி விட்டுக் கேட்க வேண்டும். யாரும் பதில் சொல்லாவிட்டால்தான் எண் நமது. டி.வி.ஆர். ஓடிக்கொண்டிருந்தால் "என்னிடம்" என்று பதில் தரும். லேப்டாப் ரவுட்டரிடம் "இந்த எண் வேண்டாம், வேறு கொடு" என்று திருப்பிவிடும். ரவுட்டர் 109-ஐக் கொடுக்கும். திரையில் எந்தப் பெட்டியும் எழாது. இப்படி அமைதியாகத் தீர்ந்துபோகும் மோதல்கள் நம் வீடுகளில் எத்தனையோ.

ஆனால் கேள்வி கேட்கும் அந்தச் சில நொடிகளில் டி.வி.ஆர். அணைந்திருந்தால்?

நம் ஊரில் அதற்குப் பெரிய சதி ஏதும் வேண்டாம், ஒரு மின்வெட்டு போதும். காலை ஒன்பதரைக்குக் கரண்ட் போகிறது. ரவுட்டர் சின்ன யு.பி.எஸ்ஸில் இருப்பதால் ஓடுகிறது. டி.வி.ஆர். நேரடிக் கரண்ட்டில் இருப்பதால் அணைந்துவிட்டது. மாணவர் வந்து, பேட்டரியில் இருக்கும் லேப்டாப்பைத் திறக்கிறார். ரவுட்டர் 108-ஐ நீட்டுகிறது. லேப்டாப் மூன்று முறை கேட்கிறது, பதில் இல்லை. எண்ணை எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்கிவிடுகிறது. பத்தரைக்குக் கரண்ட் வருகிறது. டி.வி.ஆர். எழுந்து, யாரையும் கேட்காமல், தன்னிடம் எழுதி வைத்திருக்கும் எண்ணோடு பேச ஆரம்பிக்கிறது. தன் எண்ணைச் சொல்லிக்கொண்டு வேறொரு குரல் வருவதை லேப்டாப் கேட்கிறது. பெட்டி எழுகிறது.

இதற்குப் பிறகு நடப்பதுதான் எனக்கு இந்த விஷயத்திலேயே சுவாரசியமான பகுதி. 2008 விதிமுறை, எண்ணை ஏற்கெனவே வைத்திருக்கும் கருவிக்குச் சில வழிகள் தருகிறது. உடனே எண்ணை விட்டுவிடலாம். அல்லது "இது என்னுடையது" என்று ஒரே ஒருமுறை அறிவித்துப் பார்க்கலாம். அதற்குப் பின் பத்து நொடிக்குள் மறுபடியும் மோதல் தெரிந்தால் ஒதுங்கிவிட வேண்டும். எண் மாறினால் எல்லோருக்கும் பாதிப்பு என்று சொல்லக்கூடிய ரவுட்டர் போன்றவை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்ளலாம். லேப்டாப் இந்த மரியாதையைக் கடைப்பிடிக்கிறது. டி.வி.ஆருக்குக் கடைப்பிடிக்க ஒன்றுமில்லை. அதற்குக் கையால் எழுதிக் கொடுத்த எண் ஒன்றுதான். ஆக, முறையாக வாங்கிய கருவி எண்ணை இழக்கிறது, கேட்காமல் உட்கார்ந்த கருவி வைத்துக்கொள்கிறது. சில டி.வி.ஆர்.களிலும் IP Conflict என்று ஓர் எச்சரிக்கை உண்டு, பீப் சத்தம்கூடக் கேட்கும். ஆனால் அந்தப் பெட்டி இருப்பது அலமாரிக்கு மேலே. சத்தம் தொல்லையாக இருக்கிறதென்று அமைப்பில் போய் அணைத்து வைத்திருப்பார்கள்.

இரண்டுமே கையால் எண் எழுதப்பட்ட கருவிகளாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். பிரிண்டர்காரரும் தன் பங்குக்கு 108 என்று எழுதிவிட்டுப் போயிருந்தால் விட்டுக்கொடுக்க ஆள் இல்லை. அப்போது என்ன நடக்கும் என்பதைப் புரிந்துகொள்ள ஒரு விஷயம் தெரிந்தால் போதும். உள் நெட்வொர்க்கில் தகவல் கடைசியில் போய்ச் சேர்வது ஐ.பி. எண்ணை வைத்து அல்ல. ஒவ்வொரு கருவியின் வன்பொருளிலும் பதிந்திருக்கும் மேக் முகவரியை வைத்து. எந்த ஐ.பி. எண்ணுக்கு எந்த மேக் முகவரி என்பதை ஒவ்வொரு கணினியும் கேட்டுத் தெரிந்துகொண்டு, கொஞ்ச நேரம் நினைவில் வைத்திருக்கும். இந்தக் கேட்டறியும் முறைக்கு ஏ.ஆர்.பி. என்று பெயர். 1982-இல் டேவிட் பிளம்மர் எழுதியது. யார் பதில் சொன்னாலும் நம்புவது அதன் இயல்பு. சரிபார்க்கும் ஏற்பாடே கிடையாது. பிறர் பேச்சை இடைமறிக்க நினைக்கும் ஏமாற்றுக்காரர்களும் இந்த வெகுளித்தனத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

ஆக, 108 யாரென்று கேட்டால் பிரிண்டரும் டி.வி.ஆரும் இரண்டுமே பதில் சொல்லும். எந்தக் கணினியின் நினைவில் எது பதிந்ததோ, அதற்கு அதுதான் 108. முதல் மேசைக் கணினியிலிருந்து பிரிண்ட் ஒழுங்காகப் போகும். இரண்டாம் மேசையிலிருந்து கொடுத்த பிரிண்ட் டி.வி.ஆரின் வாசலில் போய் நிற்கும். தனக்குச் சம்பந்தமே இல்லாத உரையாடல் நடுவில் வந்து சேர்வதைப் பார்த்து டி.வி.ஆர். இணைப்பை முறித்துவிடும். சில நிமிடம் கழித்து நினைவு புதுப்பிக்கப்படும்போது நிலைமை தலைகீழாகும். போனில் கேமராப் படம் வரும், உறையும், மறுபடி வரும். "பிரிண்டர் சில நேரம் வேலை செய்யுது, சில நேரம் செய்யலை", "அவருக்கு வருது, எனக்கு வரலை" என்று ஆளுக்கொன்றாகப் புகார் சொன்னால், கேபிளையும் டோனரையும் ஆராய்வதற்கு முன் முகவரி மோதலைச் சந்தேகிக்கலாம். கேபிள் அறுந்தால் எல்லோருக்கும் எப்போதும் வராது; ஆளுக்கு ஆள், நேரத்துக்கு நேரம் மாறுவது மோதலின் குணம்.

ரவுட்டரை அணைத்துப் போட்டால் ஏன் சரியாகிறது என்பதும் இப்போது விளங்கும். அணைத்துப் போடும் நேரத்தில் கரண்ட் இருக்கிறது, டி.வி.ஆர். விழித்திருக்கிறது. லேப்டாப் புதிதாக முகவரி கேட்டு, 108-ஐ விசாரித்து, பதில் வந்ததும் விலகி 109-க்குப் போய்விடுகிறது. சிக்கல் தீரவில்லை, அடுத்த மின்வெட்டு வரை தள்ளிப் போயிருக்கிறது. அணைத்துப் போடுவதே மோதலை உண்டாக்குவதும் உண்டு. பல சிறிய ரவுட்டர்கள் யாருக்கு எந்த எண் கொடுத்தோம் என்ற பட்டியலைத் தற்காலிக நினைவில்தான் வைத்திருக்கின்றன. அணைந்ததும் பட்டியல் போய்விடும். நடுவில் ஒரு ஸ்விட்ச் இருந்து, அதன் வழியாக இணைந்திருக்கும் கணினிக்கு ரவுட்டர் அணைந்து எழுந்ததே தெரியாமல் இருந்தால், அது பழைய எண்ணையே வைத்துக்கொண்டிருக்கும். ரவுட்டரோ அதே எண்ணை அடுத்து வருபவருக்கு நீட்டும்.

சரி, நம் ஆடிட்டர் அலுவலகத்தில் 108-இன் இன்னொரு சொந்தக்காரரை எப்படிக் கண்டுபிடிப்பது? விண்டோஸ் அந்த அடையாளத்தைக் குறித்து வைத்திருக்கிறது. பெட்டியில் காட்டாததுதான் குறை. Event Viewer என்று தேடித் திறந்து, Windows Logs, அதற்குள் System போனால், Tcpip என்ற பெயரில் 4199 என்ற எண்ணோடு ஒரு பதிவு இருக்கும். எந்த ஐ.பி. எண்ணில் மோதல், எதிராளியின் வன்பொருள் முகவரி என்ன என்று இரண்டும் அதில் இருக்கும். 00-00-5E-00-53-1A என்பதுபோல ஆறு ஜோடிகள். முதல் மூன்று ஜோடிகள் கருவியைச் செய்த நிறுவனத்துக்கு ஒதுக்கப்பட்டவை; அவற்றை இணையத்தில் தேடினால் நிறுவனத்தின் பெயர் வந்துவிடும். கேமரா நிறுவனமா, பிரிண்டர் நிறுவனமா என்று தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது. போன்கள் மட்டும் இதில் கை நழுவும்; சில ஆண்டுகளாக ஆண்ட்ராய்டும் ஐபோனும் வைஃபைக்குக் கற்பனையான மேக் முகவரியைக் காட்டுகின்றன. முதல் ஜோடியின் இரண்டாவது எழுத்து 2, 6, A, E இவற்றில் ஒன்றாக இருந்தால் அப்படிப்பட்ட புனைந்த முகவரி என்று கொள்ளலாம்.

பதிவைத் தேடப் பொறுமை இல்லாதவர்களுக்கு இன்னொரு வழி. எச்சரிக்கை வந்த லேப்டாப்பை நெட்வொர்க்கிலிருந்து விலக்கிவிடுங்கள். பிறகு வேறொரு கணினியில் கட்டளைத் திரையைத் திறந்து:

```
arp -d 192.168.1.108
ping 192.168.1.108
arp -a
```

முதல் வரி பழைய நினைவை அழிக்கிறது. அதற்கு மட்டும் அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை வேண்டும். லேப்டாப் விலகிய பிறகும் 108-க்கு எதிரே ஒரு மேக் முகவரி வந்து நின்றால், அதுதான் மற்றவர். பிங்குக்கே பதில் தராத கருவியும் ஏ.ஆர்.பி. கேள்விக்குப் பதில் தந்தாக வேண்டும் என்பதால், பிங் தோற்றாலும் மூன்றாவது வரியைப் பார்க்கத் தவற வேண்டாம். அப்புறம் பிரவுசரில் அந்த எண்ணையே தட்டிப் பாருங்கள். டி.வி.ஆர்., பிரிண்டர், பழைய ரவுட்டர் எல்லாவற்றுக்கும் ஒரு நுழைவுப் பக்கம் உண்டு. நிறுவனத்தின் முத்திரையோடு ஆளே வந்து நிற்பார். எதுவும் வராவிட்டால் ping -t என்று தொடர்ந்து ஓடவிட்டு, ஸ்விட்ச்சில் கேபிள்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் பதில் நிற்கிறதோ அந்தக் கேபிளின் மறுமுனைக்குப் போக வேண்டியதுதான்.

பழைய ரவுட்டரைச் சொன்னேன். வைஃபை எட்டாத அறைக்கு வீட்டில் கிடந்த பழைய ரவுட்டரைக் கேபிள் போட்டு மாட்டுவது பரவலான பழக்கம். அதன் எண்ணும் 192.168.1.1, முதன்மை ரவுட்டரின் எண்ணும் 192.168.1.1 என்றால், இணையத்துக்கான வாசலே இரண்டாகிவிடும். அலுவலகம் முழுக்க இணையம் விட்டுவிட்டு வரும். போதாததற்கு இரண்டும் தனித்தனியே எண்கள் வழங்கத் தொடங்கிவிடும். பழையதை 192.168.1.2 என்று மாற்றி, அதன் டி.எச்.சி.பி.யை அணைத்த பிறகே கேபிளைச் செருக வேண்டும்.

எச்சரிக்கை பொய்யாக வருவதும் உண்டு, ஆனால் அது பெரிய அலுவலகங்களின் கதை. சிஸ்கோவின் சில ஸ்விட்ச்சுகள் தம்மில் இணைந்த கருவிகள் உயிரோடு இருக்கின்றனவா என்று பார்க்க, அவற்றின் எண்ணை அவ்வப்போது விசாரிக்கும். அந்தக் கேள்வியிலும் கேட்பவர் இடத்தில் பூஜ்யங்களே இருக்கும். கணினி தன் எண்ணை விசாரிக்கும் அதே நொடியில் இதுவும் வந்தால், வேறு யாரோ அதே எண்ணுக்குப் போட்டியிடுகிறார்கள் என்று விண்டோஸ் எடுத்துக்கொள்ளும். எதிராளியின் மேக் முகவரி ஸ்விட்ச்சுடையதாக இருந்தால் இதைச் சந்தேகிக்கலாம். விசாரணையைப் பத்து நொடி தள்ளிவைக்க அந்த ஸ்விட்ச்சுகளில் ஓர் அமைப்பு இருக்கிறது.

நம் டி.வி.ஆருக்குத் திரும்பினால், திருத்தம் சிறியது. லேப்டாப்பில் எதையும் மாற்ற வேண்டாம். டி.வி.ஆரின் நெட்வொர்க் பக்கத்தில் 192.168.1.108 என்பதை, கையிருப்புக்கு வெளியே இருக்கும் 192.168.1.20 போன்ற ஓர் எண்ணாக மாற்றினால் போதும். வெளியிலிருந்து கேமரா பார்ப்பதற்காக ரவுட்டரில் போர்ட் திறந்து வைத்திருந்தால் அங்கேயும் 20 என்று மாற்ற வேண்டும். இதை மறந்துவிட்டு, போனில் படம் வரவில்லையென்று பழைய எண்ணுக்கே திரும்பிப் போகிறவர்கள் உண்டு. இன்னொரு வழி, டி.வி.ஆரையும் எல்லோரையும்போல ரவுட்டரிடம் கேட்க விட்டுவிட்டு, இந்த மேக் முகவரிக்கு எப்போதும் இந்த எண் என்று ரவுட்டரில் பதிந்து வைப்பது. Address Reservation என்ற பெயரில் இருக்கும். எல்லா எண்களும் ஒரே இடத்தில் எழுதப்பட்டிருக்கும் என்பதால் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ரவுட்டர் கெட்டுப்போனால் அந்தப் பதிவும் கூடவே போய்விடும். சிறிய இடங்களுக்கு நான் முதல் வழியையே விரும்புவேன். எண்ணை டி.வி.ஆரின் மேலேயே ஒரு ஸ்டிக்கரில் எழுதி ஒட்டிவிட்டால், அடுத்து வரும் பிரிண்டர்காரருக்கும் 20 எடுக்கப்பட்டுவிட்டது என்று தெரியும்.

இதில் ஒரு பொறி உண்டு. இணைய நிறுவனம் என்றாவது ரவுட்டரை மாற்றிக் கொடுக்கும். புதியதின் கையிருப்பு 100-இல் தொடங்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. சில ரவுட்டர்களில் அது 192.168.1.2-இல் தொடங்கி 254 வரை போகும். அப்போது 20-உம் கையிருப்புக்குள் வந்துவிடும். ரவுட்டர் மாறிய அன்றே அதன் டி.எச்.சி.பி. பக்கத்தில் தொடக்க எண்ணை 100 என்று மாற்றச் சொல்லுங்கள். மாற்ற வந்தவர் இன்னும் கிளம்பாதபோதே சொன்னால், இரண்டு நிமிட வேலை.